நோட்டிஃபிகேஷன் வந்ததே தெரியலையா? ஒளி, அதிர்வு, குரல் மூன்றும் கோட்டை விடும் இடங்கள்

போனில் ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தால் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. 'டிங்' என்று ஒரு சத்தம். கையிலோ பாக்கெட்டிலோ ஒரு சின்ன அதிர்வு. திரையின் மேல்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சில நொடிகளில் மறைந்துவிடும் ஒரு பேனர். ஒன்றைத் தவறவிட்டாலும் இன்னொன்று பிடித்துக் கொடுத்துவிடும் என்பதால், பெரும்பாலானவர்கள் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை.

காது கேட்காத ஒருவருக்கு இந்த மூன்றில் சத்தம் இல்லை. போனைப் பார்க்காதபோது பேனரும் இல்லை. மிச்சம் இருப்பது அதிர்வு மட்டும்தான். பார்வையற்ற ஒருவருக்கு 'டிங்' கேட்கும். ஆனால் வந்தது வங்கியின் ஓடிபியா, தள்ளுபடி விளம்பரமா என்று அந்தச் சத்தம் சொல்லாது. இந்த இடைவெளியை அடைக்கத்தான் போன்களில் ஃபிளாஷ் அலர்ட், தனித்தனி அதிர்வு, திரையை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் என்று மூன்று வசதிகள் இருக்கின்றன.

'ஆன் பண்ணிட்டா போதும், எல்லாம் வந்துடும்' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடைமுறையில் அப்படி இல்லை. ஒவ்வொரு வசதிக்கும் அது சத்தமே இல்லாமல் தோற்றுப்போகும் சில இடங்கள் உண்டு. தோற்றது யாருக்கும் தெரியாது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். வராத நோட்டிஃபிகேஷனை யாராலும் பார்க்க முடியாதே!

ஃபிளாஷ்: போன் எப்படிக் கிடக்கிறது என்பதுதான் முக்கியம்

ஃபிளாஷ் அலர்ட் இரண்டு வகை. முதலாவது, அழைப்போ மெசேஜோ வந்தால் கேமராவின் ஃபிளாஷ் விளக்கு மின்னுவது. இரண்டாவது, திரை முழுக்க ஒரு நிறம் பளிச்சென்று வந்துபோவது. ஐபோனில் கேமரா ஃபிளாஷ் வசதி 2011-ல் ஐஓஎஸ் 5 வந்தபோதே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் சில நிறுவனங்கள் தங்கள் மாடல்களில் மட்டும் முன்பே கொடுத்திருந்தன. 2023-ல் வந்த ஆண்ட்ராய்டு 14 இதைப் பொது வசதியாகவே சேர்த்தது. அதில் கேமரா ஃபிளாஷ், திரை ஃபிளாஷ் இரண்டையும் தனித்தனியாக ஆன் செய்யலாம். திரையின் நிறத்தையும் தேர்ந்தெடுக்கலாம்.

ஐபோனில் Settings > Accessibility > Audio & Visual என்ற இடத்தில் இது இருக்கிறது. ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் இடம் மாறும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் flash என்று தட்டிப் பார்ப்பதுதான் சுலபம்.

இனி, இது எங்கே கோட்டை விடுகிறது என்று பார்ப்போம். கேமரா ஃபிளாஷ் இருப்பது போனின் முதுகில். நம்மில் பெரும்பாலானவர்கள் மேசையில் போனை வைக்கும்போது திரை மேலே தெரியும்படிதான் வைப்போம். அப்படி வைத்தால் விளக்கு மேசையைப் பார்த்து மின்னும். விளிம்பில் லேசான வெளிச்சக் கீற்று தெரிந்தால் உண்டு. எனவே கேமரா ஃபிளாஷை நம்புகிறவர் போனைக் கவிழ்த்து வைக்க வேண்டும். திரை ஃபிளாஷை நம்புகிறவர் நிமிர்த்தி வைக்க வேண்டும். இரண்டையும் ஆன் செய்தால் எப்படி வைத்தாலும் ஒன்றாவது தெரியும். பைக்குள், பாக்கெட்டுக்குள், ஜன்னல் ஓர வெயிலில் இரண்டுமே உதவாது.

ஐபோனில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அடிப்படையில் ஃபிளாஷ் மின்னுவது போன் லாக் ஆகியிருக்கும்போதுதான். அன்லாக் ஆன நிலையில் மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் லேப்டாப்பில் வேலை பார்த்தால் மின்னாது. அதற்கு Flash While Unlocked என்ற தனி ஸ்விட்சையும் ஆன் செய்ய வேண்டும். சைலன்ட் மோடில் மின்ன வேண்டுமா என்பதற்கும் Flash in Silent Mode என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. காது கேட்காதவர்கள் பலர் போனை எப்போதும் சைலன்டில்தான் வைத்திருப்பார்கள். அவர்களுக்கு இந்த ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருந்தால் வசதி இருந்தும் இல்லாத கதைதான்.

கடைசியாக, நேரம். அழைப்பு வந்தால் ரிங் அடிக்கும் வரை ஃபிளாஷ் மின்னிக்கொண்டே இருக்கும். மெசேஜுக்கோ சில முறை மின்னிவிட்டு அடங்கிவிடும். அந்த ஒன்றிரண்டு நொடியில் கண் வேறு பக்கம் இருந்தால் போனது போனதுதான். அழைப்பைத் தெரிந்துகொள்ள ஃபிளாஷ் நன்றாகவே உதவும். ஒற்றை மெசேஜுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது.

அதிர்வு: இரவு 2:10-க்கு வந்த அலர்ட் எங்கே போச்சு?

அதிர்வுக்குக் கண் தேவையில்லை, காதும் தேவையில்லை. ஆனால் உடம்பில் பட வேண்டும். அது எங்கெல்லாம் தவறும் என்பதை ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம்.

காது கேட்காத ஓர் இளைஞர் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் இரண்டு இரவு அவருக்கு 'ஆன்-கால்' டியூட்டி. சர்வர் படுத்துவிட்டால் அவர் போனில் இருக்கும் ஆப்புக்கு அலர்ட் வரும். ஐந்து நிமிடத்துக்குள் 'பார்த்துட்டேன்' என்று தட்டாவிட்டால் அது மேலாளருக்குப் போய்விடும். இரவு 2:10-க்கு அலர்ட் போகிறது. அவருக்குத் தெரியவே இல்லை. காலையில் டீம் குரூப்பில் ஒரு மெசேஜ்: "என்னப்பா, தூங்கிட்டியா?"

ஃபிளாஷ் ஆன், அதிர்வு ஆன், போன் மெத்தையிலேயே தலையணைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பின்னே எப்படித் தவறியது?

முதலில் பார்க்க வேண்டியது, அலர்ட் போனுக்கு எப்போது வந்து சேர்ந்தது என்பதை. ஆண்ட்ராய்டு 11 முதல் Notification history என்று ஒரு வசதி உண்டு. நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸில் இருக்கும் இதை முன்கூட்டியே ஆன் செய்து வைத்தால், கடந்த 24 மணி நேரத்தில் எந்த ஆப்பிலிருந்து எத்தனை மணிக்கு என்ன வந்தது என்ற பட்டியல் கிடைக்கும். அதில் தெரியும் நேரம்தான் துப்பு.

பட்டியலில் 5:40 என்று இருந்தால், தவறு வழியிலேயே நடந்திருக்கிறது. அசையாமல் கிடக்கும் போனை ஆண்ட்ராய்டு ஆழ்ந்த தூக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். 2015-ல் ஆண்ட்ராய்டு 6-ல் வந்த இந்த ஏற்பாட்டுக்கு டோஸ் என்று பெயர். அந்த நேரத்தில் சாதாரண முன்னுரிமையோடு வரும் மெசேஜ்கள் காத்திருக்க வைக்கப்பட்டு, போன் அவ்வப்போது கண் விழிக்கும்போது மொத்தமாக வந்து சேரும். உயர் முன்னுரிமையோடு அனுப்பப்பட்டவை மட்டும் உடனே உள்ளே வரும். இதைச் சரிசெய்ய வேண்டியது ஆப்பை எழுதியவர். பயனர் தன் பங்குக்கு, அந்த ஆப்பைப் பேட்டரி கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கி வைக்கலாம்.

பட்டியலில் 2:10 என்றே இருந்தால், அலர்ட் சரியாக வந்திருக்கிறது, போன்தான் எழுப்பவில்லை. அப்போது மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும். இரவு 11 மணிக்குத் தானாக ஆன் ஆகும் 'தொந்தரவு செய்யாதே' மோட் முதல் காரணம். அது சத்தத்தோடு அதிர்வையும் சேர்த்தே நிறுத்திவிடும். இரண்டாவது, பேட்டரி சேவர். சார்ஜ் குறையும்போது தானாக ஆன் ஆகும் இது, பல ஆண்ட்ராய்டு போன்களில் நோட்டிஃபிகேஷனுக்கான அதிர்வை வெட்டிவிடும். மூன்றாவது, அதிர்வின் அளவே போதாமல் இருப்பது. சாதாரண நோட்டிஃபிகேஷனுக்குப் போன் ஒன்றிரண்டு முறை 'வ்ர்ர்' என்று அடங்கிவிடும். மெத்தை அதை அப்படியே விழுங்கிவிடும். தூங்குகிறவரை எழுப்ப அது எங்கே போதும்?

ஆப் போடும் பாதைதான் தலையெழுத்து

இந்த இடத்தில் ஆண்ட்ராய்டின் ஒரு அடிப்படை விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், ஒவ்வொரு ஆப்பும் தன் நோட்டிஃபிகேஷன்களை 'சேனல்' என்ற தனித்தனிப் பாதைகளாகப் பிரித்தாக வேண்டும். ஒரு சேனல் சத்தம் போடுமா, அதிருமா, திரையில் எட்டிப் பார்க்குமா என்பதெல்லாம் அந்தச் சேனலுக்கு வைத்த அமைப்பைப் பொறுத்தது. நம் இளைஞரின் ஆப்பில் சர்வர் விழுந்த செய்தியும், 'வாராந்திர அறிக்கை தயார்' என்ற செய்தியும் ஒரே சேனலில் வந்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் அதிரும். விரலுக்கு வித்தியாசம் தெரியாது.

அவசரத்துக்கு என்று தனிச் சேனல் போடுவதற்கு நான்கு வரி போதும்:

```kotlin
val ch = NotificationChannel("server_down", "சர்வர் அவசரம்", NotificationManager.IMPORTANCE_HIGH)
ch.enableVibration(true)
ch.vibrationPattern = longArrayOf(0, 800, 300, 800, 300, 800)
manager.createNotificationChannel(ch)
```

மூன்றாவது வரியில் உள்ள எண்கள் மில்லி நொடிகள். காத்திருக்காமல் உடனே தொடங்கு, 800 அதிர், 300 நிறுத்து, மறுபடி 800 அதிர் என்று அது போகிறது. நீண்ட மூன்று அதிர்வு என்றால் சர்வர் பிரச்சினை. குட்டி அதிர்வு என்றால் மற்றவை. இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சேனலை ஒருமுறை உருவாக்கிவிட்டால், அதன் அதிர்வை ஆப் பிறகு மாற்ற முடியாது. அந்த உரிமை பயனருக்குப் போய்விடுகிறது. அடுத்த அப்டேட்டில் 800-ஐ 1200 என்று மாற்றினாலும், ஏற்கெனவே ஆப்பை வைத்திருப்பவர்களின் போனில் பழையதுதான் ஓடும். டெவலப்பரின் சோதனை போனில் புதிதாக நிறுவும்போது சரியாக வேலை செய்யும். பயனருக்கு வேலை செய்யாது. 'எங்ககிட்ட ஓகேவாதான் இருக்கு' என்ற பதில் பல நேரம் இங்கிருந்துதான் வருகிறது. புதிய பெயரில் புதிய சேனல் போடுவதுதான் வழி.

பயனர் தன் பக்கத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சேனலின் அமைப்புக்குள் போய் Override Do Not Disturb என்பதை ஆன் செய்துவிட்டால், இரவு மோடையும் தாண்டி அந்த ஒரு வகை அலர்ட் மட்டும் வந்து சேரும்.

ஐபோனில் கதை வேறு. அழைப்புக்கும் மெசேஜுக்கும் நீங்களே திரையைத் தட்டித் தட்டி ஒரு அதிர்வுத் தாளத்தை உருவாக்கி, குறிப்பிட்ட ஒரு காண்டாக்ட்டுக்கு மட்டும் ஒதுக்கலாம். அம்மா அழைத்தால் ஒரு தாளம், மேலாளர் அழைத்தால் இன்னொன்று. ஆனால் மற்ற ஆப்களின் நோட்டிஃபிகேஷன்களுக்கு இந்த வசதி கிடையாது. ஆப்பிள் வாட்ச் கட்டியிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐபோன் லாக் ஆகி, வாட்ச் கையில் இருந்தால் நோட்டிஃபிகேஷன் வாட்சுக்குத்தான் போகும். போன் சும்மா இருக்கும். பட்டை தளர்வாக இருந்தால் கையில் தட்டுவது தெரியாது, மேசையில் இருக்கும் போனின் ஃபிளாஷும் மின்னாது. வாட்சில் அதிர்வை Prominent என்று மாற்றி வைப்பது ஓரளவு கைகொடுக்கும்.

எல்லாம் செய்தாலும், ஆழ்ந்து தூங்குகிறவரைப் போனின் குட்டி மோட்டார் எழுப்பும் என்று உத்தரவாதம் இல்லை. அதற்கென்றே தலையணைக்கோ மெத்தைக்கோ அடியில் வைக்கும் அதிர்வுக் கருவிகள் விற்கின்றன; அவற்றின் மோட்டார் பெரியது. சிலவற்றைப் போனோடு ப்ளூடூத்தில் இணைக்கலாம். சார்ஜில் இருக்கும் போனைத் தலையணைக்கு அடியில் வைப்பது ஆபத்து, சூடாகிவிடும். இன்னொரு எளிய வழி, அலர்ட் அனுப்பும் அமைப்பையே அழைப்பாக வரும்படி மாற்றுவது. எடுத்துப் பேச வேண்டியதில்லை. அழைப்பு என்றால் ரிங் முடியும் வரை அதிர்வும் நிற்காது, ஃபிளாஷும் நிற்காது. அந்த எண்ணை மட்டும் இரவு மோடில் விதிவிலக்காகப் போட்டுவிட்டால் போதும்.

குரல்: ஆறு இலக்கம், நாற்பது நொடி

பார்வையற்றவர்கள் ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற ஸ்க்ரீன் ரீடரைப் பயன்படுத்துகிறார்கள். விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று அது சொல்லும். புதிதாக நோட்டிஃபிகேஷன் வந்தால் அதையும் வாசிக்கும். கேட்க எளிதாக இருக்கிறது. ஒரு ஓடிபி வரும்போது நடப்பதைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பார்த்தால்தான் சிக்கல் புரியும்.

பார்வையற்ற ஒரு பெண் ஆன்லைனில் கார்டு மூலம் டிக்கெட் எடுக்கிறார். 'பணம் செலுத்து' பட்டனைத் தட்டியதும் ஓடிபி கேட்கும் பக்கம் திறக்கிறது. விரலால் தடவி ஓடிபி பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் எஸ்எம்எஸ் வருகிறது. டாக்பேக் வாசிக்கத் தொடங்குகிறது. முதலில் அனுப்புநர் குறியீட்டின் ஆங்கில எழுத்துகள். பிறகு 'அன்பார்ந்த வாடிக்கையாளரே'. பிறகு கார்டின் கடைசி நான்கு இலக்கம், தொகை, கடையின் பெயர். ஓடிபி அதற்கும் அப்புறம்தான். அதற்குள் அவர் விரல் திரையில் நகர்ந்துவிட்டால் வாசிப்பு அப்படியே அறுந்துபோகும். விரல் பட்ட புதிய இடத்தை அது வாசிக்க ஆரம்பித்துவிடும்.

சரி, மேலிருந்து இரண்டு விரலால் இழுத்து நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறக்கிறார். இப்போது ஓடிபி கேட்கிறது. ஆனால் 482913 என்பதை ஸ்க்ரீன் ரீடர் சில நேரம் ஒரே எண்ணாக, லட்சக் கணக்கில் வாசித்துவிடும். மனதில் நிற்காது. வாசிக்கும் அலகை 'எழுத்து எழுத்தாக' என்று மாற்றி, ஒவ்வொரு இலக்கமாகக் கேட்க வேண்டும். பிறகு பழைய பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது.

நேரம் முடிந்து, 'மீண்டும் அனுப்பு' தட்டுகிறார். இப்போது பட்டியலில் இரண்டு ஓடிபி. பழையதைப் போட்டுவிடுகிறார். 'தவறான ஓடிபி' என்று பெட்டிக்குக் கீழே சிவப்பு எழுத்தில் வருகிறது. ஸ்க்ரீன் ரீடர் வாயே திறக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், பட்டனைத் தட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான். டிக்கெட் போச்சா, பணம் போச்சா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

இதில் பயனர் சரிசெய்யக்கூடியது கொஞ்சம்தான். ஆண்ட்ராய்டு 10 முதல் Accessibility பகுதியில் Time to take action என்று ஒன்று இருக்கிறது. தானாக மறையும் மெசேஜ்கள் 10 நொடி முதல் 2 நிமிடம் வரை கூடுதலாகத் திரையில் நிற்கும்படி அதில் வைக்கலாம். ஆனால் அதை மதிக்கும் ஆப்களில் மட்டும்தான் பலன். ஐபோனில், மெசேஜ் ஆப்பின் பேனர் வகையை Persistent என்று மாற்றிவிட்டால், நாமாக ஒதுக்கும் வரை அது நிற்கும். வாய்ஸ்ஓவரில் Verbosity என்ற பகுதிக்குள், போன் லாக் ஆகியிருந்தாலும் நோட்டிஃபிகேஷனைப் பேசும்படி வைக்கலாம். கண்ணும் காதும் இரண்டுமே இயலாதவர்கள், ப்ளூடூத்தில் இணையும் பிரெய்ல் கருவிக்கு அந்த வரியை அனுப்பி விரலால் படித்துக்கொள்ளலாம்.

ரகசியமும் இதில் ஒரு பிரச்சினை. பஸ்ஸில் ஸ்பீக்கரில் ஓடிபி வாசித்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். அதற்காக லாக் ஸ்க்ரீனில் உள்ளடக்கத்தை மறைத்து வைத்தால், ஸ்க்ரீன் ரீடரும் 'உள்ளடக்கம் மறைக்கப்பட்டது' என்பதைத்தான் சொல்லும். இயர்போன் போடலாம். ஆனால் ரோட்டில் நடக்கும்போது பார்வையற்றவருக்கு வண்டிச் சத்தம்தான் கண். அதனால் பலர் ஒரு காதில் மட்டும் போடுகிறார்கள். சிலர் காதை அடைக்காத, கன்ன எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் ஹெட்போனைப் பயன்படுத்துகிறார்கள்.

சிவப்பு எழுத்து பேச வேண்டுமென்றால்

மிச்சமெல்லாம் ஆப்பையும் இணையதளத்தையும் செய்கிறவர்கள் கையில். முதல் வேலை, எஸ்எம்எஸ்ஸின் முதல் சொல்லாகவே ஓடிபியை வைப்பது. '482913 உங்கள் ஓடிபி' என்று தொடங்கினால், வாசிப்பு அறுந்தாலும் தேவையானது காதில் விழுந்திருக்கும். இரண்டாவது, ஓடிபி பெட்டிக்கு autocomplete="one-time-code" என்ற குறிப்பைச் சேர்ப்பது. அதைச் சேர்த்தால் ஐபோன் கீபோர்டுக்கு மேலேயே ஓடிபியை எடுத்துக் கொடுத்துவிடும். பட்டியலைத் திறந்து தேடும் வேலையே மிச்சம்.

மூன்றாவது அந்தச் சிவப்பு எழுத்து. திரையில் ஒரு மூலையில் ஏதோ மாறியது என்பதை ஸ்க்ரீன் ரீடர் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லாது. 'இந்த இடத்தில் எழுத்து மாறினால் வாய்விட்டுச் சொல்' என்று அந்த இடத்துக்கு முன்கூட்டியே அடையாளம் போட வேண்டும். இணையதளத்தில் அது இவ்வளவுதான்:

```html
<div id="msg" role="alert"></div>
<script>
  function showError() {
    document.getElementById("msg").textContent =
      "தவறான ஓடிபி. கடைசியாக வந்ததைப் போடவும்.";
  }
</script>
```

இங்கே அதிகம் நடக்கும் தவறு, காலிப் பெட்டியை முன்பே வைக்காமல், பிழை வந்த பிறகு பெட்டியையும் எழுத்தையும் சேர்த்துத் திரையில் போடுவது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஸ்க்ரீன் ரீடர் ஏற்கெனவே இருக்கும் பெட்டியைத்தான் கண்காணிக்கும். திடீரென முளைத்த பெட்டியைச் சில உலாவிகளில் தவறவிட்டுவிடும். பெட்டி முதலில், எழுத்து பிறகு. இதுதான் விதி.

role="alert" என்றால் பேசிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு உடனே சொல்லும். role="status" என்றால் பேசி முடிக்கும் வரை பொறுத்துச் சொல்லும். பணம் போகவில்லை என்றால் முதலாவது. 'சேமிக்கப்பட்டது' என்பதற்கு இரண்டாவது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஓடிபி பக்கத்தில் ஓடும் கவுன்ட்-டவுனுக்கும் alert போட்டுவிட்டால், 'முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு' என்று ஒவ்வொரு நொடியும் கத்தி, ஓடிபியைக் கேட்கவே விடாது. சொல்லாமல் விடுவதும் தவறு, ஓயாமல் சொல்வதும் தவறு. பத்து நொடி மிச்சம் இருக்கும்போது ஒருமுறை சொன்னால் போதும்.

2018-ல் வெளியான வெப் அணுகல் நெறிமுறையின் 2.1 பதிப்பு இதை 4.1.3 என்ற எண்ணில் தனி விதியாகவே சேர்த்தது. பயனரின் கவனம் வேறு இடத்தில் இருந்தாலும், நிலை மாறியதை அவருக்குச் சொல்லும்படி பக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

தமிழ் மெசேஜுக்குத் தமிழ்க் குரல்

எல்லாம் சரியாக இருந்தும் தமிழ் பயனர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நோட்டிஃபிகேஷன் தமிழில் வருகிறது. ஸ்க்ரீன் ரீடரின் குரல் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கிலக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாவிட்டால், அது அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். எண்களையும் ஆங்கிலச் சொற்களையும் மட்டும் உதிர்க்கும். 'உங்கள் கணக்கிலிருந்து ரூ. 5000 எடுக்கப்பட்டது' என்பதும், 'உங்கள் கணக்கில் ரூ. 5000 வரவு வைக்கப்பட்டது' என்பதும் அப்போது ஒன்றுபோலக் கேட்கும். வெறும் ஐயாயிரம். வந்ததா, போனதா?

வாய்ஸ்ஓவருக்குத் தமிழ்க் குரல் 2022-ல் ஐஓஎஸ் 16-ல் வந்தது. ஆண்ட்ராய்டில் கூகுளின் பேச்சு எஞ்சினில் தமிழ் உண்டு, ஆனால் குரல் தொகுப்பை இறக்கி வைத்திருக்கிறோமா என்று Text-to-speech output பகுதியில் பார்த்துக்கொள்ள வேண்டும். இறக்காமல் இருந்தால், நெட் இல்லாத இடத்தில் குரல் நின்றுபோகலாம். தமிழும் ஆங்கிலமும் கலந்து வரும் மெசேஜ்தான் நம்மூரில் அதிகம். தமிழ்க் குரல் ஆங்கிலச் சொற்களையும் ஓரளவு சமாளித்துவிடும். ஆங்கிலக் குரல் தமிழைச் சமாளிப்பதில்லை. எனவே இரண்டு மொழியிலும் மெசேஜ் வருகிறவர்களுக்குத் தமிழ்க் குரலைப் பிரதானமாக வைப்பது பாதுகாப்பு.

பத்து நிமிடத்தில் சோதித்துப் பார்க்க

செட்டிங்ஸில் ஸ்விட்ச் ஆன் ஆகியிருக்கிறது என்பது ஆதாரம் ஆகாது. நண்பர் ஒருவரை உட்கார வைத்து, நிஜமான சூழலில் சோதிப்பதுதான் ஆதாரம்.

காது கேட்காதவர், போனை வழக்கமாக வைக்கும் இடத்திலேயே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கட்டும். நண்பர் ஒரு அழைப்பு, ஒரு எஸ்எம்எஸ், ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் என்று மூன்றையும் சொல்லாமல் அனுப்பட்டும். அனுப்பிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பேட்டரி சேவரை ஆன் செய்து ஒருமுறை, இரவு மோடை ஆன் செய்து ஒருமுறை. எது தெரிந்தது, எது தெரியவில்லை என்று எழுதி வைத்து, தவறியதை Notification history-யில் உள்ள நேரத்தோடு ஒப்பிட்டால் குறை எங்கே என்று தெரிந்துவிடும்.

பார்வையற்றவர், போன் லாக் ஆன நிலையில் ஒரு தமிழ் மெசேஜ், திரையைத் தடவிக்கொண்டிருக்கும்போது ஒரு மெசேஜ், ஹெட்போன் போட்டபடி ஒன்று என்று அனுப்பச் சொல்லிப் பார்க்கலாம். ஆப் செய்கிறவர்களுக்கும் இதே சோதனைதான், ஒரே ஒரு மாற்றத்தோடு: டாக்பேக்கை ஆன் செய்துவிட்டு, திரையின் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்து, வேண்டுமென்றே தவறான ஓடிபியைப் போட வேண்டும். போன் பேசாமல் இருந்தால், அந்தப் பக்கம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

போன் மாற்றும்போதும், பெரிய அப்டேட் வந்த பிறகும் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். ஃபிளாஷ் ஸ்விட்ச், சேனல் அமைப்பு, குரல் தொகுப்பு எல்லாமே பழைய போனிலிருந்து அப்படியே வந்துவிடும் என்று சொல்ல முடியாது.